3ⁿ − 1-இல் எத்தனை 2 ஒளிந்திருக்கிறது?

3⁴⁰ − 1 இருபது இலக்கங்கள் கொண்ட எண். அதை 2-ஆல் மீதியின்றி எத்தனை முறை வகுக்கலாம்? எண்ணை எழுதிப் பார்க்கவே வேண்டாம். அடுக்கு 40 மட்டும் போதும்.

a² − b² சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால்,

3⁴⁰ − 1 = (3²⁰ + 1)(3¹⁰ + 1)(3⁵ + 1)(3⁵ − 1)

இனி ஒவ்வொரு காரணியாகப் பார்ப்போம். 3⁵ − 1 = 242; இதில் ஒரே ஒரு 2. 3⁵ + 1 = 244 = 4 × 61; இதில் இரண்டு. மற்ற இரண்டிலும் ஆளுக்கு ஒன்றுதான். ஏன்? 3²⁰, 3¹⁰ இரண்டும் ஒற்றை எண்ணின் வர்க்கங்கள். அத்தகைய வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அதோடு 1 கூட்டினால் மீதி 2. எனவே 2-ஆல் வகுபடும், 4-ஆல் வகுபடாது. மொத்தம் 5. அதாவது 32-ஆல் வகுபடும், 64-ஆல் வகுபடாது.

40-இல் மூன்று 2 உண்டு. அதோடு 2 கூட்டினால் 5. n இரட்டை எண் என்றால் எப்போதும் இப்படித்தான். ஏனெனில் 3-இன் ஒற்றை அடுக்கை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 3. ஒன்றைக் கழித்தால் மீதி 2, கூட்டினால் 4. அந்த இரண்டும் சேர்ந்து மூன்று 2-களைத் தருகின்றன. n ஒற்றை என்றால் விடை வெறும் 1.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஒற்றைப் பகா எண்களுக்கான ‘அடுக்கு உயர்த்தும்’ விதியை அப்படியே 2-க்கும் போட்டால், 3 − 1-இல் உள்ள ஒரு 2, n-இல் உள்ள 2-கள் என்று கூட்டி, n = 2-க்கு விடை 2 என்று வரும். ஆனால் 3² − 1 = 8; அதில் மூன்று 2. விட்டுப்போனது 3 + 1 தருகிற கூடுதல் 2.

n எவ்வளவு வளர்ந்தாலும் இந்த எண்ணிக்கை மெதுவாகவே ஏறும். அதனால் 3ⁿ − 1 என்பது 2ⁿ-ஆல் வகுபடுவது n = 1, 2, 4 ஆகிய மூன்றுக்கு மட்டுமே. n = 8-க்கே எட்டு 2 தேவை; இருப்பதோ ஐந்து.