தொண்டையில் சீழ்க்கட்டி: மாத்திரை மட்டும் போதாது

தொழிலாளத் தோழர்களே, தொண்டை வலி வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகியும் விடுகிறது. ஆனால், நாலைந்து நாள் கழித்து வலி ஒரே பக்கமாக ஒதுங்கிக் கடுமையானால், அது வேறு சங்கதி.

பால்வெட்டும் இளைஞர் ஒருவர், வயது 24, இப்படித்தான் என்னிடம் வந்தார். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த அமோக்சிசிலின் கேப்சூலில் ஆறை வாங்கி விழுங்கியிருந்தார். ஐந்தாம் நாள் வலது காதுக்குள் குத்தல். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல்தான் நுழைகிறது. எச்சிலை விழுங்க முடியாமல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சோ, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல. டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது டான்சிலுக்கு மேலே சிவந்து புடைத்திருந்தது. நடுவில் தொங்கும் உள்நாக்கு இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம்.

"ஊசி போட்டு அனுப்புங்க ஐயா, நாளைக்கு வெட்டுக்குப் போகணும்" என்றார். அது ஆகாது என்றேன். ஏன் தெரியுமா? மருந்து ரத்தத்தோடுதான் போகிறது. சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அதனால் மருந்து உள்ளே சரியாகச் சேர்வதில்லை. சீழை வெளியேற்றத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மரத்துப்போக மருந்தடித்து, ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். அன்று மாலையே கஞ்சி குடித்தார். சிலருக்குச் சீழ் மறுபடி சேரும். அப்போது திரும்பவும் ஊசி போடுவார்கள், அல்லது சிறிதாகக் கீறி விடுவார்கள். வீட்டில் யாரும் கட்டியைக் குத்த வேண்டாம். அதன் பின்னால் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது.

சீழை எடுத்த பிறகும் மருந்து அவசியம். இந்தக் கட்டியில் பல வகைக் கிருமிகள் கலந்திருக்கும்; காற்றில்லாமல் வாழும் கிருமிகளும் உண்டு. அதனால்தான் வெறும் அமோக்சிசிலின் போதாமல் போகலாம். கிளாவுலனேட் சேர்ந்த அமோக்சிசிலின், அல்லது பென்சிலினோடு மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிளிண்டமைசின் போன்ற வேறு மருந்து கிடைக்கும். வலி போனதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை, பெரும்பாலும் பத்து நாளாவது, சாப்பிட வேண்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது கள்ளும் பீரும் கூடாது.

கடைசியாக ஒன்று. மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருவது, படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்காருவது, எச்சில் வடிந்துகொண்டே இருப்பது, கழுத்து வீங்குவது, உதடு நீலம் பாய்வது: இவை மூச்சுப்பாதை அடைபடுவதற்கான அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே இருக்கட்டும். வாய்க்குள் கரண்டி விட்டுப் பார்க்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள்.