அப்பாவின் சட்னியும் என் தப்புக் கணக்கும்

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ஒரு வாரம் அவர் சாப்பிடுவதையெல்லாம் எழுதிவரச் சொன்னார் உணவியல் நிபுணர். காலை நிகழ்ச்சியை முடித்து வானொலி நிலையத்திலிருந்து வீடு திரும்பியதும், கைப்பேசிச் செயலியில் கணக்குப் போடுவது என் வேலையானது.

மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி மாட்டிக்கொண்டது. நான்கு பேருக்கு 120 கிராம் தேங்காய்ப்பூ. தேங்காய்க்கு மட்டும் ஒரு பங்குக்கு 198 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 17 கிராம் என்றது செயலி. "இனிமே சட்னி வேணாம்மா" என்றேன். அப்பா பேசாமல் சாம்பாரைத் தொட்டு இட்லி சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பசாரிலிருந்து அம்மா வாங்கிவந்த தேங்காய்ப்பூப் பையை எடுத்து வைத்தபோது கையெல்லாம் ஈரம். அப்போதுதான் உறைத்தது. செயலியில் நான் தேர்ந்தெடுத்திருந்தது உலர்ந்த தேங்காய்!

புதுத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால் 100 கிராமுக்குச் சுமார் 354 கலோரிதான். உலர்ந்த துருவலில் தண்ணீர் 3 விழுக்காடு அளவுக்கே இருக்கும். அதே 100 கிராமில் 660 கலோரி. கொப்பரையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். சரியாகப் போட்டுப் பார்த்தால் அப்பாவின் பங்கு 106 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். தேங்காய் கிடைக்காத நாளில் உலர்ந்த துருவலை அதே 120 கிராம் அரைத்துவிட்டு, 'தேங்காய்' என்று மட்டும் எழுதினால், உண்மையில் உள்ளே போனதில் பாதிதான் கணக்கில் ஏறும். 100 கிராம் தேங்காய்ப்பூவுக்கு ஈடு சுமார் 55 கிராம் உலர்ந்த துருவல். அதையும் தண்ணீரில் ஊறவைக்கும் முன்பே நிறுத்துவிட வேண்டும். கெரிசிக் வறுப்பவர்களுக்கும் இதே விதி. பச்சையாக நிறுத்தால் பச்சைத் தேங்காயின் கணக்கு. வறுத்த பிறகு நிறுத்தால் உலர்ந்ததன் கணக்கு.

'தேங்காய்ப் பவுடர்' என்ற பெயரை மட்டும் நம்பவே முடியாது. உலர்ந்த பொடித் துருவலையும் அப்படிச் சொல்கிறோம், சந்தான் பவுடரையும் சொல்கிறோம், எண்ணெய் எடுத்தபின் அரைத்த தேங்காய் மாவையும் சொல்கிறோம். பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கான கொழுப்பைப் பாருங்கள். 60 கிராமுக்கு மேல் இருந்து, சேர்மானத்தில் தேங்காய் மட்டும் இருந்தால் உலர்ந்த துருவல். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அநேகமாகச் சந்தான் பவுடர். கொழுப்பு அதைவிட மிகக் குறைவாக இருந்தால் மாவு. இவற்றுக்குப் பொதுக்கணக்கு வேண்டாம். பாக்கெட்டில் உள்ள எண்களையே செயலியில் எழுதுங்கள்.

திருத்திய தாளைப் பார்த்த உணவியல் நிபுணர், 9 கிராமும் அப்பாவுக்குக் கொஞ்சமில்லை என்றார். பங்கைப் பாதியாக்கி, வாரத்தில் இரண்டு நாள் தரலாம் என்றார். அன்று மாலையே அம்மா ஒரு சிறிய தராசு வாங்கிவந்தார். மறுநாள் காலை, அப்பாவின் தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வெள்ளைச் சட்னி இருந்தது.