வந்தவரை ஏன் ‘வாங்க’ என்கிறோம்?

எங்கள் பெரியப்பா ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுச் சாப்பிடாமல் திரும்பி வந்தார். பந்தியில் இடம் இல்லாமல் இல்லை. மொய் எழுதியதிலும் தகராறு இல்லை. மண்டப வாசலில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா இவருக்கு மைத்துனர் முறை. இவர் வருவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாராம். “வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் எந்த மொகத்தோட கை நனைக்கிறது?” என்று பெரியம்மாவிடம் பொருமினார். அதன்பிறகு எட்டு வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

கொஞ்சம் யோசித்தால் இது வேடிக்கையாக இருக்கும். பெரியப்பா ஏற்கெனவே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, பத்திரிகையும் கையுமாக வாசலில் நிற்கிறார். அவரிடம் ‘வாங்க’ என்று சொல்வதால் அவருக்குப் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது? உள்ளே போகலாமா கூடாதா என்ற சந்தேகம் அவருக்கு இல்லை. சாப்பாடு எங்கே என்பதும் வாசனையிலேயே தெரியும். பேச்சு என்பது செய்தி சொல்ல மட்டும்தான் என்றால் அந்த ‘வாங்க’வின் மதிப்பு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் வாயிலிருந்து வராததால்தான் உறவு அறுந்தது.

இந்தப் பூஜ்யத்தைப் பற்றி முதலில் அழுத்தமாக எழுதியவர் ஒரு மானிடவியலாளர். போலந்துக்காரரான பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில், நியூ கினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்குள்ள மக்களின் பேச்சைக் கற்றார். தோட்ட வேலை, மீன்பிடிப்பு, படகு செலுத்துதல் என்று வேலையோடு வரும் பேச்சுக்குப் பொருள் இருந்தது: இழு, விடு, இந்தப் பக்கம் வா. ஆனால் வேலை முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர்கள் பேசினார்கள். எல்லாருக்கும் தெரிந்ததையே சொன்னார்கள், பதில் தெரிந்த கேள்வியையே கேட்டார்கள். 1923-ல் ஆக்டன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் சொற்பொருள் பற்றி வெளியிட்ட நூலின் பின்னிணைப்பாக மாலினோவ்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். இந்த வகைப் பேச்சுக்கு அதில் அவர் வைத்த பெயர் ‘ஃபாட்டிக் கம்யூனியன்’. ‘பேசப்பட்டது’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் பேச்சுறவு என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தீவுக்காரர்களின் விசித்திரமாக அவர் எழுதவில்லை. ஐரோப்பிய வரவேற்பறைகளிலும் நடப்பது இதுதான் என்றார்.

அவர் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேசாமல் நிற்கும் அந்நியன் மனிதனுக்கு அச்சம் தருகிறான். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு சொல், எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, வெளியே வந்தால் இறுக்கம் தளரும். “இன்னிக்கு வெயில் அதிகம்” என்று லிஃப்டில் ஒருவர் சொல்லும்போது அவர் வானிலை அறிக்கை வாசிக்கவில்லை. ‘நான் உங்களுக்கு வேண்டாதவன் இல்லை’ என்கிறார். பெரியப்பாவின் விஷயத்தில் இது தலைகீழாக நடந்தது. வரவேண்டிய சொல் வரவில்லை. ஆகவே மைத்துனருக்குத் தான் வேண்டாதவன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘வாங்க’ கட்டளை வடிவில் இருந்தும் கட்டளை இல்லை. அதேபோல, கேள்வி வடிவில் இருந்தும் கேள்வியாக இல்லாதவை உண்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் திண்ணையில் இருப்பவர், “என்ன, தூரமா?” என்பார். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்ற நம்பிக்கையால், நம் ஊர்களில் பலர் ‘எங்கே’யைத் தவிர்த்துத் ‘தூரமா’ என்பார்கள். அதற்கு நாம் சொல்லும் பதில், “ஆமா, இந்தா இப்படி...” கையை எந்தத் திசையில் நீட்டினாலும் பரவாயில்லை. கேட்டவருக்கு இடம் தெரியவில்லை, சொன்னவர் இடத்தைச் சொல்லவில்லை, இருவருக்கும் திருப்தி. செய்தியாகப் பார்த்தால் தோற்றுப்போன உரையாடல் இது. ஆனால் நான் உன்னைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்தாய் என்பது பதிவாகிவிட்டது.

இப்படிப்பட்ட கேள்வியை உண்மைக் கேள்வியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரோல்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களை அனுப்பி இதைச் சோதித்துப் பார்த்தார். தெரிந்தவர்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே, அவர்கள் சொல்வதற்கெல்லாம் துல்லியமான விளக்கம் கேட்க வேண்டும் என்பது மாணவர்களுக்குத் தரப்பட்ட வேலை. 1967-ல் வந்த அவருடைய நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. நண்பர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கிறார். மாணவர், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள், உடம்பா, பணமா, படிப்பா, மனநிம்மதியா என்று திருப்பிக் கேட்கிறார். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. மரியாதைக்குக் கேட்டேன், நீ எப்படி இருந்தால் எனக்கென்ன என்று கத்திவிட்டார். மாணவர் கேட்டதில் மொழிப் பிழை எதுவும் இல்லை. விளக்கம் கேட்டதன் மூலம், நீட்டிய கையை அவர் தட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு எல்லா முகமன்களும் பொருளற்ற ஒலிகள் என்று முடிவுகட்டுவதும் அவசரம். மானிடவியலாளர் அலெஸ்சாண்ட்ரோ துராந்தி, சமோவா தீவில் தான் தங்கிப் பார்த்த கிராமத்தை வைத்து 1997-ல் இதை மறுத்து எழுதினார். அங்கேயும் வழியில் எதிர்ப்படுபவரிடம் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பது வழக்கம். ஆனால் அங்கே அது வெறும் மரியாதை இல்லை. கேட்பவர் கணக்குக் கேட்கிறார். கேட்கப்பட்டவர் தான் அங்கே ஏன் இருக்கிறார் என்று ஏதாவது ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. மழுப்பலாகவும் சொல்லலாம், ஆனால் கேள்வியின் பாரம் இருக்கத்தான் செய்கிறது. நம் தெருவிலும் இது தெரியாததா? அதே ‘தூரமா’வைக் கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டால் அது முகமன் அல்ல, விசாரணை. அந்தப் பெண்ணுக்கும் அது நன்றாகவே தெரியும். யார், யாரை, எந்த நேரத்தில் கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது.

இந்த இரண்டு வேலையும் குழம்பினால் நஷ்டம் வரும் இடம் ஒன்று உண்டு: டாக்டரின் அறை. உள்ளே நுழைந்ததும் டாக்டர், “எப்படி இருக்கீங்க?” என்கிறார். வயிற்று வலியோடு ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதர், “நல்லா இருக்கேன் டாக்டர்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வாசலில் கேட்கப்படும் முதல் கேள்விக்கு இதுதான் பதில் என்று நாக்கு பழகியிருக்கிறது. பிரிட்டனில் கூப்லண்ட் தம்பதியும் ராபின்சனும் வயதானவர்களிடம் உடல்நலம் பற்றிப் பேட்டி எடுக்கும்போது இந்த ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ன ஆகிறது என்று ஆராய்ந்து 1992-ல் எழுதினார்கள். பேட்டியே உடம்பைப் பற்றித்தான். இருந்தும் அந்தக் கேள்வியை முகமனாக எடுப்பதா, விசாரிப்பாக எடுப்பதா என்று பதில் சொல்பவர்கள் இடையில் நின்று தடவ வேண்டியிருந்தது.

தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அனுபவமுள்ள டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். “எப்படி இருக்கீங்க?” என்பது ஆளைப் பற்றியது, அதற்கு ‘நல்லா இருக்கேன்’தான் வரும். “எப்படி இருக்கு?” என்பது உடம்பைப் பற்றியது, அதற்கு, “காய்ச்சல் விட்டுடுச்சு, இருமல் இருக்கு” என்று வரும். “என்ன பண்ணுது?” என்று கேட்டாலோ முகமனுக்கு இடமே இல்லை. முதல் கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொல்லி முடித்துவிட்டோம் என்று உணர்ந்தால், நோயாளி இரண்டாவது கேள்விக்குக் காத்திருக்க வேண்டாம். “நல்லா இருக்கேன் டாக்டர், ஆனா ராத்திரி வயித்து வலி தாங்கல” என்று அதே மூச்சில் சொல்லலாம். அந்த ‘ஆனா’ முகமனை முடித்து விஷயத்தைத் தொடங்கிவைக்கும்.

வீட்டில் இதற்கு வேறு ஓர் அடையாளம். மதியம் இரண்டரைக்கு அம்மா போனில், “சாப்ட்டியா?” என்பார். “ஆச்சும்மா. நீ?” “ஆச்சு.” இது முகமன். ஆனால் சற்று நேரம் வேறு பேசிவிட்டு, குரல் தணிந்து, “உண்மையச் சொல்லு, சாப்ட்டியா?” என்று வந்தால் அது கேள்வி. முகமன் பேச்சின் தொடக்கத்தில், வேகமாக, ஒருமுறை வரும். பதிலோடு திரும்பக் கேட்பதும் சேர்ந்து வரும். இடம் மாறியோ வேகம் குறைந்தோ இரண்டாவது முறை வருவது பெரும்பாலும் உண்மையான விசாரிப்பு.

போன் பேச்சின் தொடக்கத்தை 1960-களிலிருந்து வரி வரியாகப் பிரித்துப் பார்த்தவர் இமானுவேல் ஷெக்லாஃப். மணி அடிப்பது அழைப்பு, ‘ஹலோ’ அதற்கு மறுமொழி. யாரென்று தெரிந்துகொள்வது, முகமன், நலம் விசாரிப்பு என்று ஜோடி ஜோடியாகச் சில படிகள் ஏறிய பிறகே விஷயம் வருகிறது. நம் ஊரில் “சொல்லுங்க” என்ற ஒரு சொல் அந்தப் படிகளை முடித்து, இனி விஷயத்துக்கு வரலாம் என்று வழி விடும். நேரிலோ போனிலோ இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் யாருக்கும் பாரமில்லை.

கைப்பேசிச் செய்தியில் அதே படிகள் இடறுகின்றன. காலை பத்து மணிக்கு “ஹாய் சார்” என்று ஒரு செய்தி. நாம் பதினொன்றுக்கு “சொல்லுங்க” என்கிறோம். பன்னிரண்டுக்கு “எப்படி இருக்கீங்க சார்?” என்று வருகிறது. சாப்பாட்டு வேளைக்குப் பின் “நல்லா இருக்கேன்” என்று அனுப்புகிறோம். மூன்று மணிக்குத்தான் அவருக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்பது தெரிகிறது. அனுப்பியவர் மரியாதை தெரிந்தவர். முகமன் சொல்லாமல் விஷயத்தைக் கேட்க அவருக்குக் கூச்சம். ஆனால் எதிரில் ஆள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி நேரம் ஆகிறது. இறுக்கத்தைத் தளர்த்த வந்த சொல்லே, ‘எதற்காக இருக்கும்’ என்று நம்மை அரை நாள் இறுக்கத்தில் வைக்கிறது.

முகமனை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை விட்டதற்குத்தான் எட்டு வருஷம் இரண்டு வீடுகள் பேசாமல் இருந்தன. “வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? ஒரு சான்றிதழ் விஷயமா உங்களைப் பார்க்கணும்” என்று எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். கல்யாண மண்டப வாசலில் நின்றால் மட்டும் சுருக்க வேண்டாம். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக “வாங்க” சொல்லுங்கள்.