பள்ளிவாசலுக்கு வாராத முதியவர்

விருத்தாசலத்திற்கு முதுகுன்றம் என்பது பழம்பெயர். முதுமையைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூரின் பீங்கான் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்ந்த முஸ்லிம் முதியவர்களைப் பற்றி, மூப்பியல் படிப்பிற்காக மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையின் கையெழுத்துப்படி அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. பள்ளிவாசலுக்குத் தவறாது வருவோர் மனநிறைவுடன் இருக்கின்றனர், வாராதோர் சோர்ந்திருக்கின்றனர், ஆகவே மார்க்க ஈடுபாடு முதுமையில் நலம் பயக்கிறது என்பது அதன் முடிவு. நமக்கு உவப்பான முடிவுதான். ஆயினும், உவப்பான முடிவையே இருமுறை சோதிக்க வேண்டும்.

இத்துறையில் இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவில் டேவிட் மொபெர்க் 1950களிலேயே தேவாலய ஈடுபாட்டிற்கும் முதியோரின் மனப்பொருத்தத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். பின்வந்த பல ஆய்வுகளும் வழிபாட்டிற்குச் செல்வோர் நலமாக உள்ளனர் என்றே கண்டன. 1986இல் லெவின், மார்க்கிடெஸ் என்னும் இருவர் ஓர் ஐயத்தை எழுப்பினர். மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களிடம் திரட்டிய விவரங்களில், உடல் இயங்கும் திறனையும் கணக்கில் சேர்த்தபோது, வழிபாட்டிற்குச் செல்வதற்கும் முதியோர் தம் உடல்நலத்தை மதிப்பிடுவதற்கும் இருந்த தொடர்பு பெரிதும் மங்கிவிட்டது. வழிபாடு நலத்தைத் தந்ததா, நலமுள்ளவரே வழிபாட்டிற்கு வந்தனரா என்பதே கேள்வி.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். அறுபது வயது கடந்த ஆடவர் 100 பேர் என்று கொள்வோம். தடையின்றி நடக்கக்கூடியோர் 60 பேர். அவர்களுள் பள்ளிக்கு வருவோர் 48. நடக்க இயலாதோர் 40 பேர். அவர்களுள் வருவோர் 8. நடப்போரில் நான்கில் மூவரும், நடக்க இயலாதோரில் நான்கில் ஒருவரும் மனநிறைவுடன் இருக்கின்றனர் எனவும், பள்ளிக்கு வருவதோ வாராதிருப்பதோ இவ்விகிதத்தைச் சிறிதும் மாற்றவில்லை எனவும் வைத்துக்கொள்வோம். இப்போது எண்ணிப் பார்த்தால், பள்ளிக்கு வரும் 56 பேரில் 38 பேர் மனநிறைவுடையோர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 68. வாராத 44 பேரில் 17 பேர் மட்டுமே அவ்வாறு உள்ளனர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 39. பள்ளிக்கு வருவதால் எந்த விளைவும் இல்லாத இடத்தில் இத்துணைப் பெரிய வேறுபாடு தோன்றிவிடுகிறது. மாணவர் கண்டது இத்தகைய வேறுபாடாகவும் இருக்கலாம்.

பீங்கான் ஊரில் இந்த ஐயம் இன்னும் வலுப்பெறுகிறது. களிமண்ணிலும் குவார்ட்ஸ் பொடியிலும் உள்ள சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். தூசைச் சுவாசித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மூச்சிரைப்பு வெளிப்படுவதும் உண்டு. அத்தகையவருக்குத் தெருமுனைப் பள்ளியும் தொலைவாகிவிடும். மேலும், மேனாட்டு ஆய்வுகள் அளந்தது பெரும்பாலும் வாரம் ஒருமுறை சென்று இருக்கையில் அமரும் வழிபாட்டை. ஜமாஅத் தொழுகையோ ஒரு நாளில் ஐந்து வேளை நடப்பது. குந்தி ஒளுச் செய்து, நின்று, குனிந்து, ஸுஜூதில் நெற்றி பதித்து எழ வேண்டும். முழங்காலும் மூச்சும் ஒத்துழைத்தால்தான் இது கைகூடும். ஆதலால் பள்ளி வருகையை மார்க்கப் பற்றின் அளவுகோலாக்கும்போது, பாதியளவேனும் உடல்வலிமையையே அளந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் பழைய ஆய்வுகள் யாவும் பொய்யா? அன்று. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கால் தீராத கேள்வியை, ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஓரளவு தீர்க்கலாம். எலன் ஐட்லர், ஸ்டானிஸ்லாவ் காஸல் ஆகிய இருவரும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 65 வயது கடந்த 2,812 பேரை 1982 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் விவரங்களை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். தொடக்க உடல்நிலையையும் பிறவற்றையும் கணக்கில் கொண்ட பின்னரும், வழிபாட்டிற்குச் சென்றோரின் இயங்கும் திறன் பிற்காலத்தில் மேலாக இருந்தது. எதிர்த்திசையில், உடல் ஊனம் பிற்கால வருகையைக் குறைத்தது சிறிதளவே. ஆகவே இரு திசையிலும் ஓட்டம் உண்டு; அங்கே வலுவானது வழிபாட்டிலிருந்து நலத்தை நோக்கியது. அவ்வாய்வில் இருந்தோர் பெரும்பாலும் கிறித்தவரும் யூதரும் என்பதை மறக்கலாகாது. முழங்காலைச் சார்ந்த தொழுகைக்கு அதே அளவை அப்படியே பொருத்த இயலாது.

நம் நாட்டில் 2017-18இல் நடந்த இந்திய நீடித்த முதுமை ஆய்வின் முதற்சுற்றில் 45 வயதும் அதற்கு மேலுமுள்ளோரும் அவர்களின் வாழ்க்கைத்துணைவருமாக 72,000க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். மிகப் பெரிய முயற்சிதான். எனினும், முதற்சுற்று ஒன்றை மட்டும் கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சொல்ல இயலா.

இன்னொரு பிழையும் மாணவரின் கட்டுரையில் இருந்தது. அது முன்னதினும் பெரிது எனலாம். முதிய பெண்களைப் பற்றிய பத்தியில், 'ஈடுபாடு மிகக் குறைவு' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். நம் ஊர்களில் பல பள்ளிகளில் பெண்கள் தொழ இடமில்லை. அங்கு வருகையைக் கொண்டு அளந்தால் விடை சுழியமாகத்தான் வரும். வீட்டு முற்றத்தில் ராத்திபு ஓதும் நன்னியும், பேரப்பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் பாட்டியும் அக்கணக்கில் மார்க்கமற்றவர்களாகி விடுகின்றனர். மிண்டெல், வாகன் என்போர் 1978இலேயே இவ்வேறுபாட்டைக் காட்டினர். அமைப்புசார் ஈடுபாடு ஒன்று. தனித்த ஈடுபாடு வேறொன்று. முதியவர் முன்னதிலிருந்து விலகினாலும் பின்னதில் ஊன்றி நிற்கக்கூடும். தனித்த ஈடுபாட்டை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. நோயுற்றபோது துஆவும் திக்ரும் பெருகுவது இயல்பு. இதை அறியாதவர், மிகுதியாகத் துஆச் செய்வோரே மிகுதியாக நோயுற்றிருக்கக் கண்டு, வழிபாடு கேடு செய்கிறது என எழுதிவிடுவார்.

இயலாமையையும் விருப்பமின்மையையும் பிரித்துக் காணும் இந்நெறி நம் மரபுக்கு அயலானதன்று. நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கூறியதை புகாரீ பதிவு செய்கிறது. நோயுற்றவருக்கு, அவர் நலமாயிருந்த காலத்தில் செய்துவந்த அமலின் கூலியே எழுதப்படும் என்னும் கருத்துள்ள ஹதீஸும் அதே நூலில் உண்டு. நோன்பு நோற்க இயலாத முதியவருக்கு ஃபித்யா வகுத்த ஃபிக்ஹு நூல்களும் இவ்வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

மாணவர் வினாப்பட்டியலை மாற்றினார். 'எத்தனை வேளை பள்ளிக்குச் செல்கிறீர்கள்?' என்ற ஒரே வினா இப்போது நான்காகியுள்ளது. ஐம்பது வயதில் எத்தனை வேளை சென்றீர்கள். இப்போது எத்தனை வேளை. குறைந்திருந்தால் தடுத்தது மூச்சா, முழங்காலா, படியா, துணையின்மையா, மனமா. வீட்டில் செய்வது என்ன? முதல் வினாவிலேயே ஒரு சிக்கல் இருக்கும் என்று அவரை முன்கூட்டி எச்சரித்தோம். சூளை வேலை முறைமாற்றத்தில் நடந்த காலத்தில் ஜமாஅத்துக்கு வர இயலாதவர் ஓய்வுபெற்ற பின்னரே வரத் தொடங்கியிருப்பார். அவருடைய வருகை முதுமையில் கூடுவது மார்க்கப் பற்று கூடியதனாலா, சூளை மணி நின்றதனாலா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.