வல்கனா, டைரக்ட்எக்ஸா? பழைய லேப்டாப்பில் எது ஓடும்?

இன்றைய கணினி விளையாட்டுகள் பலவற்றின் செட்டிங்ஸ் பக்கத்தில் DirectX 11, DirectX 12, Vulkan என்று ஒரு தேர்வு இருக்கிறது. புதியது என்றால் வேகமாகத்தானே இருக்கும் என்று பலரும் மாற்றிப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஆட்டம் சட்டென்று சீராகிவிடுகிறது. சிலருக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. வேறு சிலருக்கு முன்பு இல்லாத திணறல் வந்து சேர்கிறது. மூன்று அனுபவமுமே உண்மைதான். உங்கள் கணினியில் இவற்றில் எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு இந்த இடைமுகங்கள் எந்த வேலையை யார் தலையிலிருந்து இறக்கி யார் தலையில் வைக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

திரையில் ஒரு மரம் தெரிய வேண்டும் என்றால், இந்த வடிவத்தை இந்த நிறத்தில் இந்த இடத்தில் வரை என்று கேம் ஓர் ஆணை அனுப்புகிறது. இதற்கு டிரா கால் என்று பெயர். ஒரு காட்சிக்கு இப்படிச் சில ஆயிரம் ஆணைகள் போகும். வரைவது கிராபிக்ஸ் சிப் என்றாலும், ஆணையைத் தயார் செய்து அனுப்புவது பிராசசரின் வேலை. டைரக்ட்எக்ஸ் 11இல் ஒவ்வோர் ஆணை வரும்போதும் கிராபிக்ஸ் டிரைவர் என்னும் மென்பொருள் அதைச் சரிபார்க்கிறது, சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது, நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறது. இந்த வேலையில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில் நடக்கிறது. மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் அந்த ஒன்று மூச்சுத் திணறும்.

2015இல் விண்டோஸ் 10உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12உம், 2016 பிப்ரவரியில் குரோனோஸ் கூட்டமைப்பு வெளியிட்ட வல்கனும் இந்த முறையை மாற்றின. பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதற்குப் பதிலாக மாதப் பாஸ் எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. வரைவதற்கான விதிமுறைகளை முன்பே ஒருமுறை சரிபார்த்துத் தொகுத்து வைத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வோர் ஆணைக்கும் அதை எடுத்துக் காட்டினால் போதும். ஆணைகளைத் தயாரிக்கும் வேலையையும் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆகவே ஓர் ஆணைக்குப் பிராசசர் செலவிடும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

எளிய கணினிக்கு இது என்ன செய்யும் என்பதை 2014இல் வான்கூவரில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் இன்டெல் காட்டியது. சர்ஃபேஸ் புரோ 3 என்னும் டேப்லெட்டில், தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாமல், 50,000 விண்கற்கள் சுழலும் காட்சியை ஓடவிட்டார்கள். ஒவ்வொரு கல்லும் தனித்தனி. இணைப்பிரதி இல்லை என்பதால் ஆணைகளும் தனித்தனியாகவே போக வேண்டும். பிரேம் எண்ணிக்கையை ஒரே அளவில் நிறுத்திவைத்துப் பார்த்தபோது, டைரக்ட்எக்ஸ் 12இல் பிராசசர் எடுத்துக்கொண்ட மின்சாரம் டைரக்ட்எக்ஸ் 11இல் எடுத்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டபோது காட்சியின் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டியது.

இந்த இரண்டாவது முடிவுக்குப் பின்னால் மெல்லிய லேப்டாப்புகளுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அவற்றில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்புக்குச் சுமார் 15 வாட் என்று ஒரு மின் வரம்பு வைத்திருப்பார்கள். பிராசசர் அதிகமாக எடுத்துக்கொண்டால் கிராபிக்ஸுக்குக் கிடைப்பது குறையும். பிராசசரின் சுமை இறங்கும்போது மிச்சமாகும் மின்சாரம் கிராபிக்ஸ் பக்கம் போய், அது இன்னும் வேகமாக ஓடுகிறது.

ஆனால் அந்த விண்கல் காட்சி, ஆணைகளின் சுமையைக் காட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. நாம் ஆடும் கேம்களில் நிலைமை வேறு. அதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கணக்கு முறை எல்லாக் கணினிக்கும் பொருந்தும்.

விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், இரண்டில் எது தாமதமோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். முதல் லேப்டாப்பில் பழைய இரண்டு கோர் பிராசசரும் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டும் இருப்பதாகக் கொள்வோம். டைரக்ட்எக்ஸ் 11இல் கேமின் சொந்தக் கணக்குகளுக்கு 10 மில்லி விநாடி, ஆணைகளை அனுப்ப 12, ஆக மொத்தம் 22 மில்லி விநாடி பிராசசருக்கு ஆகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு 15 போதும். பிராசசர் பின்தங்குவதால் கிடைப்பது விநாடிக்கு 45 பிரேம். வல்கனுக்கு மாறியதும் அந்த 12 மில்லி விநாடி 4 ஆகிறது என்றால், பிராசசரின் நேரம் 14 ஆகிவிடும். இப்போது கார்டின் 15 மில்லி விநாடிதான் எல்லை. வேகம் 66 பிரேமுக்கு ஏறிவிடுகிறது.

இரண்டாவது லேப்டாப்பில் அதே பிராசசர், ஆனால் தனி கார்டு கிடையாது. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு ஒரு பிரேம் வரைய 30 மில்லி விநாடி ஆகிறது. பிராசசரின் நேரம் 22ஆக இருந்தாலும் 14ஆகக் குறைந்தாலும், 30க்கு முன்னால் பிரேம் முடியாது. மாற்றும் முன்பும் 33 பிரேம், மாற்றிய பின்பும் 33 பிரேம். மிச்சமாகும் மின்சாரத்தால் கொஞ்சம் முன்னேற்றம் கிடைக்கலாம். சூடும் குறையலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. ஒரே கேமை ஆடும் இருவர் நேர் எதிராகப் பேசுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கணினி இந்த இரண்டில் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கேமில் ஆள் நடமாட்டமும் கட்டடங்களும் நிறைந்த ஓரிடத்தில் நின்றுகொண்டு பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். ஆணைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். வேகம் நன்றாகக் கூடினால் தடை கிராபிக்ஸ் பக்கம். வேகம் அசையவே இல்லை என்றால் தடை பிராசசர் பக்கம். வல்கன் அல்லது டைரக்ட்எக்ஸ் 12 உங்களுக்குக் கைகொடுக்க வாய்ப்பு அதிகம். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தப் பிராசசர் சதவீதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான்கு கோர் உள்ள பிராசசரில் ஒரு கோர் முழுதாகத் திணறினாலும் அங்கே 25 சதவீதம் என்றுதான் தெரியும்.

புதிய இடைமுகங்களுக்கு விலையும் உண்டு. அதை அதிகமாகக் கொடுப்பது எளிய கணினிகள்தான். மாதப் பாஸ் எடுக்கவும் நேரம் ஆகுமல்லவா? விதிமுறைகளை முன்பே தொகுக்கும் வேலையைப் பிராசசர்தான் செய்ய வேண்டும். கேமை உருவாக்கியவர்கள் இதைத் தொடக்கத்திலேயே முடித்துவைக்காவிட்டால், புதிதாக ஒரு வெடிப்போ புதிய எதிரியோ முதன்முறை திரையில் தோன்றும் நேரத்தில் தொகுப்பு நடக்கும். ஆட்டம் ஒரு கணம் உறைந்து நிற்கும். பிராசசர் எவ்வளவு மெதுவோ, உறையும் நேரமும் அவ்வளவு நீளும். ஒருமுறை தொகுத்ததைக் கணினி சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதே காட்சி மறுமுறை வரும்போது திணறல் இருக்காது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். எனவே மாற்றிய முதல் பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னொரு சிக்கல் நினைவகம். டைரக்ட்எக்ஸ் 11இல் கார்டின் நினைவகம் நிரம்பும்போது எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே நகர்த்துவது என்பதைப் பெருமளவு டிரைவர் பார்த்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகப் பொறியாளர்கள் செதுக்கிய டிரைவர்கள் அவை. புதிய இடைமுகங்களில் இந்தப் பொறுப்பில் பெரும்பகுதி கேமை எழுதியவர்களிடம் போய்விட்டது. அவர்கள் 8 ஜிபி கார்டை மனதில் வைத்து எழுதியிருந்தால், 2 ஜிபி கார்டில் இடம் போதாமல், படங்கள் கணினியின் மெமரிக்கும் கார்டுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். சராசரி வேகம் நன்றாகத் தெரியும், கையிலோ ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும். இதற்குத்தான் சராசரி பிரேம் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும் என்பது. கோடு சமமாகப் போனால் நல்லது. அங்கங்கே ஊசிபோல் எழும்பினால், எண்ணிக்கை கூடியிருந்தாலும் பழைய முறையே மேல்.

சில கணினிகளில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். i5-4200U போல 4இல் தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் அது இன்டெலின் நான்காம் தலைமுறை. பாதுகாப்புக் குறைபாடு ஒன்றின் காரணமாக, அவற்றின் உள் கிராபிக்ஸில் டைரக்ட்எக்ஸ் 12 இயங்கும் வசதியைப் பிந்தைய டிரைவர்களில் இன்டெலே நீக்கிவிட்டது. மாநாட்டில் விண்கற்களைச் சுழற்றிக் காட்டிய சர்ஃபேஸ் புரோ 3உம் அதே தலைமுறைதான். விண்டோஸில் இன்டெலின் வல்கன் டிரைவர் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கிறது. ஆகவே அந்தப் பழைய லேப்டாப்புகளின் உள் கிராபிக்ஸுக்கு டைரக்ட்எக்ஸ் 11தான் கதி.

மாற்றிப் பார்ப்பதில் காசு செலவில்லை. உதாரணமாக, இலவசமாகக் கிடைக்கும் டோட்டா 2இல் ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் இந்த ஒரு சொல்லை எழுதிப் பார்க்கலாம்:

```
-vulkan
```

அழித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டு முறையிலும் அதே செட்டிங்ஸ், அதே இடம், லேப்டாப் சார்ஜரில் இணைந்திருக்க வேண்டும். இரண்டிலும் முதல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த ஆட்டத்தை ஒப்பிடுங்கள்.

சோதனையில் தடை உள் கிராபிக்ஸில்தான் என்று தெரிந்தால், இடைமுகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள். லேப்டாப்பில் ஒரே ரேம் மட்டும் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேருங்கள். உள் கிராபிக்ஸ் கணினியின் ரேமையே பயன்படுத்துவதால் இரண்டு ரேம் சேர்ந்து இயங்கும்போது அதற்குத் தரவு வரும் பாதை இரட்டிப்பாகிறது. டிடிஆர்4-2400 ரேமில் விநாடிக்கு 19.2 ஜிபி என்பது 38.4 ஜிபி ஆகும். பிராசசர் திணறும் கணினிக்கு வல்கன் நல்ல மருந்து. கிராபிக்ஸ் திணறும் கணினிக்கு இரண்டாவது ரேம்தான் மருந்து.