பக்கத்து பின்னின் மிச்சம்

6 வோல்ட் பேட்டரியின் அளவைப் பார்க்க, இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியை ஆர்டுயினோ ஊனோவின் A1-இல் கொடுக்கிறோம். அங்கே இருப்பது 3 வோல்ட். திரையில் 614 வர வேண்டும். ஆனால் சற்றுமுன் A0-வில் பூஜ்ய வோல்ட்டைப் படித்திருந்தால் 500-ஐ ஒட்டியே வரும். A0 மாறினால் இதுவும் மாறும். கோளாறைக் கண்டுகொள்ள இதுவே அடையாளம்.

சிப்புக்குள் எல்லா பின்களுக்கும் பொதுவாக 14 பைகோஃபாரட் அளவில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் உண்டு. பின்னின் வோல்ட்டேஜைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான், அளக்கப்படுவதும் அதுவே. ஒரு சிறிய குடத்தை நூல் போன்ற குழாயால் நிரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து 500 கிலோஓம் தடையாக நிற்கின்றன. அதன் வழியே முழுதாக நிரம்ப 50 மைக்ரோ விநாடிக்கு மேல் வேண்டும். வழக்கமான வேகத்தில் சிப் தருவதோ 12 மைக்ரோ விநாடி. பழைய மின்னூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் 10 கிலோஓமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது சிப்பின் டேட்டாஷீட்.

ரெசிஸ்டரைக் குறைத்தால் பேட்டரி வீணாகும். A1-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். குடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி கிடைத்துவிடும். வேகமாக மாறும் சிக்னலுக்கு மட்டும் இது உதவாது.