கடைசியில் அடிக்கும் ஒரே சுண்ணாம்பு

நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்கு ஓர் அம்மா வந்தார்கள். கையில் பெரிய பிரிண்ட் ஒன்று. புதுமனை புகுவிழாவில் எடுத்த குடும்பப் படம். அதில் விழாவுக்கு வராத இருவரையும் வேறொரு கடையில் சேர்த்து வாங்கியிருந்தார்கள். ஒருவர் துபாயில் லீவு கிடைக்காமல் போன இளைய மகன். மற்றவர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன கணவர்.

"தம்பி, இதுல எல்லாரும் இருக்காங்க. ஆனா அவரு மட்டும் சுவத்துல மாட்டின படம் மாதிரி இருக்காரு. நம்ம கூட நிக்கிற மாதிரி இல்ல" என்றார்கள்.

படத்தைக் கூர்ந்து பார்த்தேன். கட்டிங் சுத்தமாக இருந்தது. காதோரத்து முடிகூட சரியாக வெட்டப்பட்டிருந்தது. உயரம் பொருந்தியது, வெளிச்சம் வரும் திசையும் பொருந்தியது. ஆனாலும் அந்த அம்மா சொன்னதுதான் உண்மை. கண்ணை உறுத்தியது வெட்டு அல்ல. மூன்று படங்களின் நிறமும் புள்ளிகளும் மூன்று விதமாக இருந்ததுதான் காரணம்.

ஒரு படம் ஒரே நேரத்தில், ஒரே கேமராவில் எடுக்கப்பட்டால் அதற்குள் சில விஷயங்கள் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளை எவ்வளவு வெள்ளை, நிழலுக்குள் என்ன சாயல், பெரிதாக்கினால் தெரியும் பொடிப் புள்ளிகள் எவ்வளவு பெரியவை. பார்ப்பவர் இவற்றைத் தனித்தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஏதாவது ஒன்று ஓரிடத்தில் மட்டும் மாறினால் கண் அங்கேயே போய் நிற்கும்.

விழாப் படம் ஃப்ளாஷ் போட்டு நல்ல கேமராவில் எடுத்தது; கூர்மையானது, புள்ளி மிகக் குறைவு. மகனின் படம் போனில் எடுத்தது. புள்ளிகளைப் போனே தேய்த்து வழித்துவிட்டதால் முகம் மெழுகு போல இருந்தது. முடி மை பூசியது போலக் கறுத்திருந்தது. கணவரின் படம் 1980-களின் ஆல்பத்தில் இருந்த பிரிண்ட். அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் பலவற்றில், ஆல்பத்துக்குள் மூடியே வைத்திருந்தாலும், நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். அது போனால் படம் சிவந்துவிடும். கறுப்பும் வலுவிழந்து பழுப்பாகிவிடும். அவருடைய வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகவும், தலைமுடி காப்பிப்பொடி நிறமாகவும் இருந்தன.

இப்படிப் பல இடத்துத் துண்டுகளைச் சேர்ப்பவர்கள் கடைசியில் ஒன்று செய்வோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நிறத் திருத்தத்தையும், அதற்கும் மேலே ஒரே ஃபிலிம் கிரெயினையும் போடுவோம். பழைய செங்கல், புதுச் செங்கல் கலந்து கட்டிய சுவருக்கு முடிவில் ஒரே சுண்ணாம்பு அடிப்பது போல. ஆனால் சுண்ணாம்பு சிறு ஒட்டுகளைத்தான் மறைக்கும், விரிசலை மறைக்காது. அந்தப் பிரிண்டில் நடந்திருந்தது அதுதான். மேலே ஏதோ ஒரு நிறம் பூசியிருந்தார்கள். அடியில் இருந்த விரிசலை அடைக்கவில்லை.

அதனால் முதலில் துண்டுகளை ஒன்றுக்கொன்று கிட்டத்தில் கொண்டுவர வேண்டும். இதற்கு முகத்தை அளவுகோலாக எடுக்கக் கூடாது. அப்பாவும் மகனும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாரிடமும் பொதுவாக இருக்கும் வெள்ளைத் துணியையும் கறுப்பு முடியையும் எடுத்துக்கொண்டேன். கணவரின் படத்துக்கு மட்டும் Curves போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திருத்தி, சட்டை விழாப் படத்து வேட்டியின் வெள்ளைக்குக் கிட்டத்தில் வரும்வரை நகர்த்தினேன். பிறகு முடியின் கறுப்பு. திரையில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. விழாப் படத்தில் முடி சுமார் 14, போன் படத்தில் 9. ஸ்கேனில் 48. அதை 22 வரை இறக்கினேன். அதற்குக் கீழே இழுத்தால் முடிக்குள் இருந்த விவரம் அடைபட்டுப் போனது, அங்கே நிறுத்திக்கொண்டேன்.

மிச்சமிருந்த வித்தியாசத்தைப் பொது நிறத் திருத்தம் பார்த்துக்கொள்ளும். எல்லா லேயருக்கும் மேலே ஒரு Curves போட்டு, முழுக் கறுப்பை 0-இலிருந்து 18-க்கு உயர்த்தினேன்; முழு வெள்ளையை 255-இலிருந்து 244-க்கு இறக்கினேன். இப்போது எந்தத் துண்டும் 18-க்குக் கீழே போக முடியாது. எல்லாருக்கும் ஒரே தரை, ஒரே கூரை. 9-ஆக இருந்த மகனின் முடி 26 ஆகிறது. 22-ஆக இருந்த தந்தையின் முடி 37-ஐ ஒட்டி வருகிறது. முன்பு ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இப்போது ஒன்றரை மடங்குக்கும் குறைவு.

அடுத்து, இளஞ்சூடான மஞ்சள் நிற லேயர் ஒன்றைப் படம் முழுவதும் 10 சதவீத அளவில் பரப்பினேன். ஒவ்வோர் இடமும் தன் நிறத்தில் பத்தில் ஒன்பது பங்கை வைத்துக்கொண்டு, ஒரு பங்கைப் பொதுவான நிறத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. துண்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசமும் அதே கணக்கில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வளவுதான் குறையும். முதல் திருத்தத்தைச் சரியாகச் செய்யாதவர், இந்த 10-ஐ 40 ஆக்கி வித்தியாசத்தை மறைக்கப் பார்ப்பார். அப்போது குடும்பமே மஞ்சள் காமாலை பிடித்தது போல ஆகிவிடும். தந்தை மட்டும் அப்போதும் கொஞ்சம் அதிகச் சிவப்பாகத்தான் இருப்பார்.

ஒரு சிறு தவறு இங்கே அடிக்கடி நடக்கும். நிறத் திருத்த லேயர், தெரியாமல் கீழே உள்ள ஒரே துண்டோடு கோத்துக்கொண்டுவிடும். லேயர் பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த சிறு அம்புக்குறி தெரிந்தால், அந்தத் திருத்தம் அந்த ஒருவருக்கு மட்டும்தான். ஒற்றுமைக்காகப் போட்டதே ஒருவரைப் பிரித்துக் காட்டிவிடும்.

இனி கிரெயின். ஃபிலிமில் படம் உருவாவது வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகளால். அந்த மணிகளின் தடமே கிரெயின். சினிமாவில் இது பழைய தலைவலி. பல காட்சிகளை ஒன்றாக்க, எடுத்த ஃபிலிமையே மறுபடி படம்பிடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படலம் கிரெயின் ஏறும். திரையில் தந்திரக் காட்சி வந்ததும் படம் சொரசொரப்பாவதைப் பார்த்தே ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தந்திரக் காட்சிக் குழு, இதற்காகவே சாதாரண 35 மில்லிமீட்டர் சட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய விஸ்டாவிஷன் சட்டத்தில் படம்பிடித்தது. இன்று கம்ப்யூட்டரில் உருவாக்கும் உருவத்துக்குக் கிரெயினே இல்லாததால் தலைவலி தலைகீழாகிவிட்டது. காட்சியின் கிரெயினை முதலில் நீக்கி, துண்டுகளைச் சேர்த்து, முடிவில் எல்லாவற்றுக்கும் ஒரே கிரெயினைத் திரும்பப் போடுகிறார்கள்.

ஸ்டூடியோவிலும் அதே வழிதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர். அதை 50% Gray கொண்டு நிரப்பி, Overlay முறைக்கு மாற்ற வேண்டும். அந்த முறையில் நடுச்சாம்பல் கண்ணுக்கே தெரியாது. அதில் Add Noise வழியாக 8 சதவீதம் அளவுக்குப் புள்ளிகளைத் தூவ வேண்டும். Monochromatic என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள் விழும். பிறகு Gaussian Blur 0.6 கொடுத்தால் ஊசிமுனை போன்ற புள்ளிகள் மென்மையாகி, ஃபிலிம் மணியைப் போலத் தெரியும். Overlay முறையில் ஒரு நன்மையும் உண்டு. முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் புள்ளிகள் தானாக மங்கி, இடைப்பட்ட நிறங்களில்தான் நன்றாகத் தெரியும்.

இது ஏன் துண்டுகளை ஒன்றாக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு துண்டில் ஏற்கெனவே 3 அளவு புள்ளி இருக்கிறது, இன்னொன்றில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மேலும் 6 அளவு தூவுகிறோம். புள்ளிகள் தாறுமாறாக விழுபவை என்பதால் 3-ம் 6-ம் சேர்ந்து 9 ஆகாது. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது 6.7. மற்ற துண்டில் 6. மூன்றாக இருந்த இடைவெளி முக்காலுக்கும் கீழே வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முதல் துண்டில் 8 இருந்திருந்தால் கூட்டுத்தொகை 10. அங்கே 10, இங்கே 6, பளிச்சென்று தெரியும். எனவே அதிகப் புள்ளி உள்ள துண்டை முதலில் தனியாகச் சுத்தம் செய்தே தீர வேண்டும். பழைய பிரிண்ட்களில் வரும் சொரசொரப்பான சில்க் தாளின் கட்டங்களுக்கும் இதே விதிதான். அது ஒழுங்கான கோலம். எவ்வளவு புள்ளி தூவினாலும் கண் அந்தக் கோலத்தைத் தேடிப் பிடித்துவிடும்.

கிரெயினை ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் போடவும் கூடாது. பிறகு ஒருவரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அவருடைய புள்ளிகளும் பெரிதாகிவிடும். எல்லாம் முடிந்து, கடைசி அளவு தீர்மானமான பிறகு, மேலே ஒரே தடவை. முகம் தெளிவாக இருக்கட்டும் என்று முகத்தில் மட்டும் அழித்தாலும் கெட்டுப்போகும். பொதுவாக இருக்க வேண்டியது அந்த இடத்தில்தான் முதலில் தேவை.

இரண்டு சோதனைகள் செய்தேன். முதலில், தற்காலிகமாக ஒரு Hue/Saturation லேயரை மேலே வைத்து நிறத்தை +80 வரை ஏற்றினேன். மறைந்திருக்கும் சாயல் எல்லாம் வெளியே வந்துவிடும். கணவரின் கழுத்தோரம் மட்டும் ஆரஞ்சாக எரிந்தது. அதைத் திருத்திவிட்டு சோதனை லேயரை நீக்கினேன். இரண்டாவது சோதனை தாளில். 18-க்கு 12 அங்குலப் படத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஒரு புள்ளி அங்குலத்தில் முந்நூறில் ஒரு பங்கு. திரையில் அழகாகத் தெரிந்த கிரெயின் தாளில் காணாமல் போயிருந்தது. புள்ளியின் அகலத்தை மூன்று மடங்காக்கி, கணவரும் மகனும் அடுத்தடுத்து நிற்கும் பகுதியை மட்டும் சரியான அளவில் மறுபடி பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். இம்முறை இருவர் மேலும் ஒரே சொரசொரப்பு. மெழுகு போலிருந்த மகனின் கன்னத்துக்குத் தோலின் தன்மை வந்திருந்தது.

அந்த அம்மா சோதனை பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். "இப்போ கூடவே நிக்கிறாரு. இதையே போட்டுடுங்க தம்பி" என்றார்கள்.

இப்படி ஒரு படம் செய்யக் கொடுக்கும் உங்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய பிரிண்டைப் போனில் படம்பிடித்துக் கொண்டுவராதீர்கள்; ஆல்பத்திலிருந்து எடுத்த பிரிண்டையே கொண்டுவாருங்கள். வெளியூரில் இருப்பவரின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினால், அதைப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கித்தான் வந்து சேரும். ஃப்ரேம் போடுவதற்கு முன், முகங்கள் இருக்கும் பகுதியை அசல் அளவில் ஒரு துண்டு பிரிண்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். சுவரில் மாட்டப்போவது தாளைத்தான்.